ஃப்ளைத்ரூ ஸ்கிரிப்ட்: கேமரா பாதை, நேரம், கால்அவுட்

கேள்வி: நான்கு ப்ளாக் உள்ள குடியிருப்புத் திட்டத்துக்கு, கணினி மாதிரிக்குள் கேமரா பறந்து சுற்றிக் காட்டும் 90 விநாடி ஃப்ளைத்ரூ படத்தின் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். கிழக்கே வாசல், நடுவில் தோட்டம், மேற்கே பால்கனிகளும் நீச்சல் குளமும். கேமரா பாதை, வெளிச்சம், ஒரு பொருளைக் கோட்டால் சுட்டித் திரையில் வரும் கால்அவுட் எழுத்து இதையெல்லாம் எப்படி முடிவு செய்வது?

எழுத உட்காரும் முன் சைட் பிளானில் உண்மையான வடக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். கட்டடக் கலைஞர்கள் வரைய வசதியாக இருக்கும் என்று பிளானைத் திருப்பி வைத்திருப்பார்கள். தாளின் மேல்பக்கத்தை வடக்கு என்று நம்பி ஒருமுறை மேற்குப் பார்த்த பால்கனியில் காலை வெயிலைக் காட்டிவிட்டேன். வீடு வாங்க வந்த ஒருவர்தான் அதைக் கண்டுபிடித்தார். அந்த ஷாட் முழுவதையும் மறுபடி ரெண்டர் செய்தோம்.

திசை தெரிந்துவிட்டால் நேரம் தானாக அமையும். உங்கள் வாசல் கிழக்கே இருப்பதால் முதல் ஷாட்டைக் காலை எட்டு மணிக்கு வையுங்கள். கேமரா வடகிழக்கு மூலையிலிருந்து இறங்கி வரட்டும். வெயில் பக்கவாட்டிலிருந்து விழும்போதுதான் சுவரின் உள்ளடங்கலும் பால்கனியின் நிழலும் தெரியும். சூரியன் நேர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கட்டடம் அட்டையில் வெட்டியதுபோலத் தட்டையாகிவிடும். தோட்டத்துக்குப் பத்து மணி. வீட்டின் உட்புறமும் மேற்குப் பால்கனியும் மாலை ஐந்து மணிக்கு, ஏனென்றால் அப்போதுதான் தாழ்ந்த வெயில் கூடத்துக்குள் நீளமாக வந்து விழும். அங்கே கேமராவைச் சாய்வாக நகர்த்துங்கள். நேராகப் பால்கனியைப் பார்த்தால் கூடம் இருண்டுவிடும். கடைசியாக, சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்தில் வானத்தில் நீலம் இருக்கும்போதே குளத்தின் விளக்குகள். நேரம் முன்னோக்கி மட்டும் போகட்டும். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது வெளிச்சத்தை மாற்றாமல், கட் செய்த பிறகு மாற்றுங்கள்.

அடுத்தது கேமராவின் வேகம். பெரும்பாலான ஸ்கிரிப்ட்கள் இங்கேதான் சறுக்குகின்றன. ‘வாசலில் நுழைந்து தோட்டத்தை அடைகிறோம்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவோம். பிளானில் அளந்தால் அது 70 மீட்டர் இருக்கும். கண் உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.6 மீட்டரில், போகும் கேமராவுக்கு விநாடிக்கு இரண்டரை மீட்டர் வரை கண்ணுக்கு இதமாக இருக்கும். அந்த வேகத்தில் 70 மீட்டருக்கு 28 விநாடி வேண்டும். நம்மிடம் இருப்பதோ 20 விநாடி. வேகத்தைக் கூட்டினால் பார்ப்பவர் ஓடுவதுபோல ஆகிவிடும். அதனால் வாசல் பக்கம் 25 மீட்டர், தோட்டத்தின் பக்கம் 25 மீட்டர் என இரண்டு ஷாட்டாக வெட்டி, நடுவில் உள்ள சாலையை விட்டுவிடுங்கள். உயரத்திலிருந்து வரும்போது விநாடிக்கு எட்டு மீட்டர்கூடத் தாங்கும். அறைக்குள் 0.6 மீட்டர் போதும். ஒன்பது மீட்டர் கூடத்தைக் கடக்க 15 விநாடி ஆகும்.

உங்கள் 90 விநாடியை நான் இப்படிப் பிரிப்பேன்: மேலிருந்து இறங்க 16, வாசலும் தோட்டமும் 20, வீட்டுக்குள் 28, குளம் 22, திட்டத்தின் பெயர் 4. ஸ்கிரிப்ட்டில் ஒரு ஷாட்டின் பதிவு இப்படி இருக்கும்:

“ஷாட் 2ஆ. 26–36 விநாடி. காலை 10 மணி. தோட்டத்தின் கிழக்கு முனையிலிருந்து மேற்காக 25 மீட்டர், கண் உயரம், பார்வை மரத்தடிப் பெஞ்சில். 30-இல் கால்அவுட்: ‘வாகனம் வராத தோட்டம்’, 4 விநாடி.”

கால்அவுட்டை ஒரு நேரத்தில் ஒன்று, நான்கு சொற்களுக்குள் வையுங்கள். அதை வாய்விட்டு இரண்டு முறை படிக்க ஆகும் நேரம் திரையில் நிற்க வேண்டும். அது குறிக்கும் பொருளும் அவ்வளவு நேரம் ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும். கேமரா திரும்பும் இடத்தில் வைத்தால் கோடு ஒரு பக்கம் இழுக்க, எழுத்து இன்னொரு பக்கம் போய்விடும். திருப்பம் முடிந்து கேமரா நிதானமான பிறகு வையுங்கள். அப்புறம், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இல்லாத எதையும் கால்அவுட்டில் எழுதாதீர்கள். உள்ளே 16 மில்லிமீட்டர் லென்ஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள். சின்ன அறை பெரிதாகத் தெரியும். வாங்கியவர் சாவியைத் திருப்பி உள்ளே போகும்போது ஏமாந்து நிற்பார். 24-க்குக் கீழே நான் போவதில்லை.

இவ்வளவும் எழுதியதும், வண்ணம் எதுவும் இல்லாத சாம்பல் நிற மாதிரியில் முழு 90 விநாடியையும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் மொத்தம் 2250. ஒரு ஃபிரேம் ரெண்டராக நான்கு நிமிடம் ஆனால் ஒரு கணினிக்கு 150 மணி நேர வேலை. பாதையில் தவறு இருந்தால் அது சாம்பல் நிறத்திலேயே தெரிந்துவிடும்: கேமரா சுவரை உரசிப் போகும், கதவருகே சட்டென்று தலை திரும்பும், கால்அவுட்டைப் படித்து முடிக்கும் முன் கட் வந்துவிடும். இதையெல்லாம் திருத்தி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு ரெண்டருக்கு அனுப்புங்கள்.