12-ஆம் தேதி விமானத்துக்கு 11-ஆம் தேதி இரவே கிளம்ப வேண்டும்

கேள்வி: என் அம்மா முதல்முறையாகச் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தனியாக வருகிறார். டிக்கெட்டில் சென்னை 2026 நவம்பர் 12, 01:50 புறப்பாடு, பிராங்க்பர்ட் 07:40. அங்கே 10:15 புறப்பாடு. சான் பிரான்சிஸ்கோ 12:40. இரண்டரை மணி நேரத்தில் அமெரிக்கா வந்துவிட முடியுமா? ஜனவரியில் திரும்பும் டிக்கெட்டில் +1, +2 என்று இருக்கிறது. அவரை எந்த நாளில் விமான நிலையத்துக்கு அனுப்புவது, எந்த நாளில் அழைத்து வருவது?

பதில்: முதலில் சென்னை. உங்கள் அம்மா 11-ஆம் தேதி, புதன்கிழமை இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பத்தரை மணிக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பஞ்சாங்கத்தில் நாள் பிறப்பது சூரிய உதயத்தில். அந்தப் பழக்கத்தில், விடியாதவரை நமக்கு அது நேற்றைய இரவுதான். விமான நிறுவனத்துக்கோ நள்ளிரவு 00:00 தாண்டினாலே அடுத்த தேதி. என் டிக்கெட் முன்பதிவு அனுபவத்தில் அதிகம் பார்த்த தவறு இதுதான். ஒரு குடும்பம் ஊறுகாய் ஜாடிகளைக் கட்டிக்கொண்டு சரியாக ஒரு நாள் தாமதமாக வந்து நின்றது. முதல் விமானத்தில் ஏறாதவருக்கு, அதே டிக்கெட்டில் உள்ள மற்ற பயணங்களும், திரும்பும் பயணம் உட்பட, பெரும்பாலும் ரத்தாகிவிடும். அதனால் காகிதத்தில் "புதன் இரவு" என்றே எழுதி ஒட்டிவிடுங்கள்.

டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். 10:15 பிராங்க்பர்ட்டின் கடிகாரம், 12:40 சான் பிரான்சிஸ்கோவின் கடிகாரம். இரண்டையும் நேரடியாகக் கழித்ததால்தான் இரண்டரை மணி நேரம் போலத் தெரிகிறது. நவம்பர் நடுவில் பிராங்க்பர்ட், சான் பிரான்சிஸ்கோவைவிட 9 மணி நேரம் முன்னால் இருக்கிறது. கழித்து வந்த 2 மணி 25 நிமிடத்துடன் 9 மணி நேரத்தைக் கூட்டினால் 11 மணி 25 நிமிடம். உண்மையில் பறக்கும் நேரம் அதுதான். மேற்கே போகும்போது வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும், கிழக்கே வரும்போது கழிக்க வேண்டும்.

சென்னை–பிராங்க்பர்ட் வித்தியாசம் அப்போது நாலரை மணி நேரம். 01:50-லிருந்து 07:40 வரை 5 மணி 50 நிமிடம். நாலரையைக் கூட்டினால் 10 மணி 20 நிமிடம். பிராங்க்பர்ட்டில் காத்திருப்பது மட்டும் நேரடிக் கழித்தல், ஏனென்றால் இரண்டும் ஒரே கடிகாரம்: 2 மணி 35 நிமிடம். மூன்றையும் கூட்டினால் 24 மணி 20 நிமிடம். டிக்கெட்டில் மொத்தப் பயண நேரம் அச்சிட்டிருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் நீங்கள் படித்தது சரி. ஒரு நாளுக்கு மேல் பயணித்தும் அவர் இறங்குவது அதே 12-ஆம் தேதிதான், அதனால்தான் அங்கே +1 இல்லை.

திரும்பும் பயணத்தின் நேரங்களை நீங்கள் எழுதவில்லை. இப்படி ஒன்றை வைத்துக்கொள்வோம்: சான் பிரான்சிஸ்கோ ஜனவரி 20 புதன் 14:45 புறப்பாடு, பிராங்க்பர்ட் 10:35 (+1), அங்கிருந்து 12:20, சென்னை 01:50 (+2). +1 என்பது 21, +2 என்பது 22. இங்கே கவனம் வேண்டும்: சில டிக்கெட்டுகள் பயணம் தொடங்கிய நாளிலிருந்து எண்ணும், சில அந்தந்த விமானம் கிளம்பிய நாளிலிருந்து எண்ணும். இரண்டாவது வகையில் அதே சென்னை வருகைக்கு +1 என்றுதான் இருக்கும். குறியை நம்பாமல் பக்கத்தில் இருக்கும் தேதியைப் பாருங்கள். 22-ஆம் தேதி 01:50 என்றால், அழைக்கப் போகிறவர் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியது 21, வியாழன் இரவு.

பயணத் தேதியை மாற்றினால் கோடை நேரத்தையும் பாருங்கள். 2026-இல் ஐரோப்பா அக்டோபர் 25 அன்று கடிகாரத்தைப் பின்னால் தள்ளுகிறது, அமெரிக்கா நவம்பர் 1 அன்றுதான். இடைப்பட்ட அந்த ஒரு வாரம் 9 மணி நேர வித்தியாசம் 8 ஆகிவிடும். டிக்கெட்டில் அச்சிட்ட நேரத்தில் இது ஏற்கெனவே சேர்ந்திருக்கும். நீங்களாக ஒரு மணி நேரம் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். உங்கள் கணக்குதான் மாறும்.

கைபேசி நாட்காட்டியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து "ஜனவரி 20, 14:45" என்று வெறுமனே பதிந்தால், பெரும்பாலான கைபேசிகள் அதை இந்திய நேரமாக எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் அதே பதிவு 20-ஆம் தேதி 01:15 என்று காட்டும். பதியும்போதே நேர மண்டலத்தைச் சான் பிரான்சிஸ்கோ என்று மாற்றிவிட்டுப் பதியுங்கள்.