பத்து நிமிட புராஜெக்ட் டெமோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது

கேள்வி: இறுதியாண்டு மென்பொருள் புராஜெக்ட் முடிந்துவிட்டது. பத்து நிமிடம் டெமோவுடன் பேச ஸ்கிரிப்ட் எப்படி எழுதுவது?

பதில்: சிக்கலைச் சொல்ல இரண்டு நிமிடம், டெமோவுக்கு ஐந்து, வடிவமைப்பையும் வரம்புகளையும் விளக்க மூன்று என்று பிரித்துக்கொண்டு, டெமோவை முதலில் எழுதுங்கள். லாகின், பதிவுப் படிவம் போன்றவற்றைக் காட்டி நேரத்தைச் செலவிடாமல், உங்கள் மென்பொருளின் கடினமான ஒரு தருணத்தையே காட்டுவது நல்லது.

நூலக முன்பதிவுச் செயலி என்றால், ஒரே பிரதி மீதமுள்ள நூலை இரு மாணவர்கள் கேட்கும் தருணம் அது. சாதாரண பிரவுசர் ஜன்னலில் ஒருவராகவும், இன்காக்னிட்டோ ஜன்னலில் மற்றவராகவும் முன்கூட்டியே நுழைந்திருங்கள். இரண்டும் சாதாரண ஜன்னல்களாக இருந்தால் குக்கி பொதுவாகிவிடுவதால், பின்னர் நுழைந்தவரே இரண்டிலும் தெரிவார்.

ஸ்கிரிப்டில், பட்டனை அழுத்துவதற்கு முன்பே சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதுங்கள்: “முதல் மாணவர் பதிவு செய்துவிட்டார். இரண்டாமவரின் திரை இன்னும் ஒரு பிரதி இருப்பதாகவே காட்டுகிறது. அவர் இப்போது அழுத்தினால் சர்வர் மறுக்க வேண்டும்.” அழுத்திய பின், மறுப்புச் செய்தியை அவையினர் படித்து முடிக்கும்வரை பேசாமல் நில்லுங்கள். அந்தச் சரிபார்ப்பு திரையில் அல்லாமல் டேட்டாபேஸில் நடப்பது ஏன் என்பதே அடுத்த மூன்று நிமிடத்துக்கான பேச்சு.

ஒத்திகையில் பதிவான நூல் மேடையில் கிடைக்காது என்பதால், ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸைப் பழைய நிலைக்குத் திருப்புவதையும் ஸ்கிரிப்டின் முதல் வரியாகச் சேருங்கள்.