சோளத்தின் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: மூடி போட்ட பாத்திரத்தில், வெண்ணெய் விட்டு, கருகிவிடக் கூடாதே என்று சின்னத் தீயில்தான் பாப்கார்ன் செய்கிறேன். அப்படியும் அடியில் கருகுகிறது, பாதி மணி பொரிவதில்லை, பொரிந்ததும் ரப்பர் போல இழுக்கிறது. கடைக்காரர் மட்டமான சோளத்தைக் கொடுத்துவிட்டாரா?

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள். முதல் தவறு அந்தச் சின்னத் தீதான்.

பாப்கார்ன் மணிக்குள் ஏறக்குறைய 14 சதவீதம் ஈரம் இருக்கிறது. சூடு சுமார் 180 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, உள்ளே அடைபட்ட ஆவி தோலைக் கிழித்துக்கொண்டு வெடிக்கிறது. சூடு மெதுவாக ஏறினால், வெடிக்கும் முன்பே மணியின் காம்பு முனை வழியாக ஆவி கசிந்து போய்விடும். அப்புறம் எவ்வளவு நேரம் வைத்தாலும் அந்த மணி பொரியாது, கருகத்தான் செய்யும்.

வெண்ணெயும் வேண்டாம். அதிலுள்ள பால் சத்து 180 டிகிரி வரும் முன்பே கருகிவிடும். ருசிக்கு வேண்டுமானால் கடைசியில் உருக்கி ஊற்றிக்கொள்ளுங்கள். பொரிக்க, சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் போல அதிகச் சூட்டிலும் புகையாத எண்ணெய்தான் சரி.

அடி கனமான மூன்று லிட்டர் பாத்திரத்தில் 3 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, மூன்றே மூன்று மணிகளைப் போட்டு மூடி, மிதமான தீயில் வையுங்கள். மூன்றும் வெடித்துவிட்டால் எண்ணெய் தயார். அதற்கு முன்பே எண்ணெய் புகைந்தால் தீ அதிகம் என்று அர்த்தம். வெடித்த மூன்றையும் எடுத்துவிட்டு, பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, 5 மேசைக்கரண்டி சோளத்தைக் கொட்டி, மூடி, ஒரு குலுக்குக் குலுக்கி 30 வரை எண்ணுங்கள். இந்த அரை நிமிடத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எல்லா மணிகளும் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வருவது இதில்தான். திரும்ப அடுப்பில் வைத்ததும் எல்லாம் ஒன்றுசேரப் படபடவென்று வெடிக்கும்.

வெடிக்க ஆரம்பித்ததும் மூடியை ஒரு ஓரத்தில் மயிரிழை அளவு விலக்கி வையுங்கள். இடைவெளி உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் அதைப் பொரியே உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் சொல்லும் ரப்பர் அதுதான். பாத்திரத்தைத் தூக்காமல் அடுப்பின் மேலேயே முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருங்கள். தூக்கினால் சூடு இறங்கிவிடும். ஆட்டும்போது பொரிந்தது மேலே வரும், கனமான பொரியாத மணி கீழே எண்ணெய்க்கு இறங்கும்.

ஒரு வெடிச் சத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மூன்று விநாடி ஆனால் அடுப்பை அணைத்து, உடனே வேறு பாத்திரத்தில் கொட்டுங்கள். கடைசி நாலு மணிக்காகக் காத்திருந்தால் அடியில் இருப்பது கருகும்.

இப்படிச் செய்தும் பாதி பொரியவில்லை என்றால், சோளம் காய்ந்து போயிருக்கிறது. ஒரு கப் சோளத்துக்கு ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு, புட்டியை இறுக மூடி, தினமும் குலுக்கி, நாலைந்து நாள் கழித்து அதே மூன்று மணிகளிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.