மூன்றா எட்டா: தேய்ந்த நாணயமும் சாய்ந்த வெளிச்சமும்

அன்புள்ள ஐயா,

என்னிடம் தேய்ந்துபோன ஒரு செப்பு நாணயம் இருக்கிறது. ஆண்டு கீழ்விளிம்பை ஒட்டி இருக்கிறது. 185 வரை படிக்க முடிகிறது, கடைசி இலக்கம்தான் பிடிபடவில்லை. கைபேசி ஃபிளாஷில் எடுத்தால் வெறும் தகடு மாதிரி இருக்கிறது. டார்ச்சை மேசைமேல் படுக்கவைத்து, நாணயத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி எடுத்துப் பார்த்தேன். வலப்பக்கம் வைத்தால் 8, இடப்பக்கம் வைத்தால் 3. கீழ்ப்பக்கம் வைத்து எடுத்த படத்தில் எழுத்தெல்லாம் பள்ளமாகத் தெரிகிறது. எந்தப் படத்தை நம்புவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு எதையும் நம்ப வேண்டாம். உங்கள் டார்ச் அளவுக்கு மீறித் தாழ்வாக இருந்திருக்கிறது. அந்தத் தாழ்வில் 3-ஐ 8 ஆகக் காட்டவும் முடியும், 8-ஐ 3 ஆகக் காட்டவும் முடியும்.

ஃபிளாஷ் தோற்றதற்குக் காரணம் எளிது. அது லென்ஸை ஒட்டியே இருப்பதால், விழும் நிழலெல்லாம் எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. வெளிச்சத்தைப் பக்கத்துக்கு நகர்த்தியது சரியான முடிவுதான். ஆனால் பக்கத்துக்கு நகர்த்தினால் மட்டும் போதாது, எவ்வளவு உயரத்தில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

படுக்கவைத்த டார்ச்சின் பல்பு மேசையிலிருந்து சுமார் இரண்டரை செ.மீ. உயரத்தில் இருந்திருக்கும். 30 செ.மீ. தூரத்துக்கு அது ஏறக்குறைய 5 பாகை. தேய்ந்த இலக்கத்தின் புடைப்பு 0.08 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 5 பாகையில் அதன் நிழல் 0.9 மி.மீ. நீளத்துக்கு ஓடும், அதாவது புடைப்பைப்போல் பதினோரு மடங்கு. சிறிய நாணயத்தில் ஓர் இலக்கத்தின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். வலப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும்போது 3-இன் வலது வளைவு போடும் நிழல், இலக்கத்தின் வயிற்றைக் கடந்து இடது ஓரம் வரை போய்விடும். அங்கே ஒரு கரிய வளைவு தெரிந்தால் கண் அதை 8-இன் இடதுபக்கம் என்று எடுத்துக்கொள்ளும்.

இடப்பக்கப் படத்தில் ஆபத்து நேர்மாறானது. பக்கத்திலிருக்கும் 5-இன் நிழல் நீண்டு வந்து கடைசி இலக்கத்தின் இடது ஓரத்தின்மேல் படுக்கிறது. அங்கே உண்மையாகவே ஒரு வளைவு இருந்து, அது மற்ற கோடுகளைவிட அதிகம் தேய்ந்திருந்தால், அந்த நிழலுக்குள் மூழ்கிப்போகும். அப்போது 8 நமக்கு 3 ஆகத் தெரியும். ஆக ஒரு படம் இல்லாததைக் கொண்டுவந்திருக்கலாம், மற்றது இருப்பதை விழுங்கியிருக்கலாம். உங்கள் விளக்கங்களிலிருந்து இவற்றைப் பிரித்தறிய வழியில்லை.

ஆகவே டார்ச்சை உயர்த்துங்கள். தூரம் அதே 30 செ.மீ. இருக்கட்டும், பல்பு மட்டும் 8 செ.மீ. உயரத்துக்கு வரும்படி புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வையுங்கள். இது 15 பாகை. 0.08 மி.மீ. புடைப்பின் நிழல் இப்போது 0.3 மி.மீ.தான். ஒரு வளைவின் நிழல் எதிர் வளைவைத் தொடாது. அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு பல்பு உள்ள டார்ச்சைப் பயன்படுத்துங்கள். பல எல்இடி கொண்டதானால் ஒவ்வொன்றும் தனித்தனி நிழல் போட்டு ஓரங்களைக் கலங்கடிக்கும். கைபேசியை நேர் மேலே அசையாமல் நிறுத்தி, டைமர் வைத்து எடுங்கள். நாணயத்தையும் கைபேசியையும் தொடாமல் டார்ச்சை மட்டும் சுற்றி நகர்த்த வேண்டும். அப்போதுதான் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டிப் பார்க்கும்போது எது நகர்கிறது, எது நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று தெரியும். நின்ற இடத்திலேயே நிற்பது உலோகம். டார்ச்சுக்கு எதிர்த்திசையில் தாவிக்கொண்டே இருப்பது நிழல்.

எந்தத் திசைகள் என்பதும் முக்கியம். வெளிச்சம் போகும் திசைக்கு இணையாக ஓடும் கோடு நிழலே போடாது. நாணயத்தின் மேல்விளிம்புப் பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் செங்குத்துக் கோடுகள் மறையும், பக்கத்திலிருந்து வந்தால் படுக்கைக் கோடுகள் மறையும். 3-க்கும் 8-க்கும் உள்ள வேறுபாடு இடது ஓரத்தின் இரண்டு வளைவுகளில்தான் இருக்கிறது, அவை பெரும்பாலும் செங்குத்தாக ஓடுபவை. எனவே மேலிருந்து எடுக்கும் படம் இந்தக் கேள்விக்கு உதவாது. கீழிருந்தும் வேண்டாம். ஆண்டு விளிம்பை ஒட்டி இருப்பதால், எழுத்தைவிட உயரமான விளிம்பின் நிழல் அதன்மேல் விழும். விளிம்பு 0.2 மி.மீ. உயரம் என்றால் 15 பாகையிலும் முக்கால் மி.மீ. நிழல் வரும். கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் 9, 10, 2, 3 ஆகிய நான்கு இடங்களிலும் டார்ச்சை வைத்து ஒவ்வொரு படம் எடுங்கள்.

எழுத்துகள் பள்ளமாகத் தெரிந்ததற்கு நாணயம் காரணமல்ல. வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று எண்ணிக்கொண்டே நம் மூளை படத்தைப் பார்க்கிறது. கீழிருந்து வந்த வெளிச்சத்தில் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் புரண்டுவிடும். அந்தப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், எழுத்துகள் மேலெழும். நாணயத்தின் அருகில் ஒரு குண்டூசியைக் குத்தி நிறுத்திவிட்டால், அதன் நிழலைப் பார்த்தே வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று பின்னாளிலும் சொல்லிவிடலாம். பலர் இதை விட்டுவிட்டு, புடைப்பெழுத்தை வெட்டெழுத்து என்று எழுதிவைக்கிறார்கள்.

இனி நான்கு படங்களையும் இடது ஓரத்தை மட்டும் குறிவைத்துப் பாருங்கள். டார்ச் இடப்பக்கம் இருக்கும்போது அந்த வளைவின் வெளிச்சரிவும், வலப்பக்கம் இருக்கும்போது உட்சரிவும் பளிச்சென்று ஒரு கோடாக மின்ன வேண்டும். இரண்டிலும் மின்னினால் அது 8. வெறும் கருமை மட்டும் வந்துபோனால் அது நிழல், இலக்கம் 3. கருமையைத் தேடாதீர்கள், மின்னும் கோட்டைத் தேடுங்கள்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. வளைவு மழமழவென்று தேய்ந்து அதன் சரிவே சில பாகைதான் என்றால், 15 பாகை வெளிச்சத்தில் அது நிழல் போடாது, மின்னவும் மின்னாது. செம்பு கருத்து மங்கலாக இருந்தால் டார்ச்சை மறுபடி 5 பாகைக்குத் தாழ்த்தலாம். இம்முறை எந்த நிழல் எவ்வளவு தூரம் ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். பளபளப்பான இடமாக இருந்தால் தாழ்த்துவதால் பயனில்லை. நாணயத்தைக் கையில் எடுத்து, விளக்கின் பிரதிபலிப்பு அந்த இலக்கத்தின் மேல் வரும்வரை சாயுங்கள். பிரதிபலிப்பு நழுவிப்போகும் அந்தக் கணத்தில் ஒரு பாகைச் சரிவுகூட வெளிச்ச வேறுபாடாகத் தெரியும். நாணயம் சேகரிப்பவர்கள் காசை விரலிடையில் ஆட்டி ஆட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

பல திசைப் படங்களைச் சேர்த்து, திரையிலேயே வெளிச்சத்தை நகர்த்திப் பார்க்கும் முறையும் உண்டு. கணினி ஆய்வாளர் டாம் மால்ஸ்பெண்டரும் சகாக்களும் 2001-இல் வெளியிட்டது அது. பழங்காலக் கிரேக்க வானியல் கருவியான ஆன்டிகித்தெரா பொறியின் அரித்துப்போன எழுத்துகளை 2005-இல் ஏதென்ஸில் அப்படித்தான் படம்பிடித்தார்கள். உங்கள் ஒற்றை இலக்கத்துக்கு அவ்வளவு தேவைப்படாது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். தெளிவாகத் தெரியட்டும் என்று நாணயத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். நமக்கு வேண்டிய அந்த 0.08 மி.மீ.தான் முதலில் போகும்.

நான்கு படங்களையும் அனுப்புங்கள். குண்டூசி படத்துக்குள் இருக்கட்டும்.