கூட்டாண்மையா, பிரைவேட் லிமிடெட்டா: கடன் யார் தலையில் விழும்?

கேள்வி: நானும் என் நண்பரும் ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் போட்டு ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் தொடங்க இருக்கிறோம். எனக்குச் சொந்த வீடு உண்டு; நண்பர் வாடகை வீட்டில் இருக்கிறார். கூட்டாண்மை நிறுவனம் நல்லதா, பிரைவேட் லிமிடெட் கம்பெனி நல்லதா?

பதில்: சொந்த வீடு பற்றி நீங்கள் குறிப்பிட்டிருப்பதால், உங்களுக்கு பிரைவேட் லிமிடெட் கம்பெனியையே பரிந்துரைக்கிறேன்.

ஜவுளி மொத்த வியாபாரத்தில் தறிக்காரரிடம் கடனுக்குச் சரக்கு எடுத்து, வெளியூர்க் கடைகளுக்குக் கடனுக்கே கொடுப்பது வழக்கம். நீங்கள் 40 லட்சம் ரூபாய்ச் சரக்கைக் கடனுக்கு எடுத்த நிலையில் சில கடைகள் பணம் தராமல் மூடிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். இருப்பை விற்று, பாக்கியை வசூலித்தும் 28 லட்சம்தான் தேறுகிறது என்றால், உங்கள் முதலும் போய், மேற்கொண்டு 12 லட்சம் கடன் நிற்கும். கூட்டாண்மையில் அந்த 12 லட்சத்தையும் கடன் கொடுத்தவர் உங்கள் ஒருவரிடமே சட்டப்படி கேட்கலாம். நண்பரின் பங்கான 6 லட்சத்தை அவரிடமிருந்து வாங்குவது அதன் பிறகு உங்கள் பாடு. உங்களுக்குத் தெரியாமல் அவர் நிறுவனத்தின் பெயரில் வழக்கமான சரக்கு எடுத்திருந்தாலும் அந்தக் கடனுக்கு நீங்களும் பொறுப்பாளிதான். கம்பெனி என்றால், பங்குத்தொகையை முழுவதும் செலுத்தியிருக்கும் வரை உங்கள் நஷ்டம் அந்த 5 லட்சத்தோடு நின்றுவிடும்.

ஆனால் இந்தப் பாதுகாப்பை ஒரே கையெழுத்தில் இழந்துவிடலாம். சிறு கம்பெனிகளுக்குக் கடன் தரும் வங்கிகள் பெரும்பாலும் இயக்குநர்களின் தனிப்பட்ட ஜாமீனைக் கேட்கும். அதைக் கொடுத்தால் அந்தக் கடனைப் பொறுத்தவரை உங்கள் வீடு மீண்டும் ஆபத்துக்கு உள்ளாகும். ஆகவே கடன் அனுமதிக் கடிதத்தில் ஜாமீன் பற்றிய பத்தியை முதலில் படியுங்கள்.

கம்பெனிக்குச் செலவு அதிகம். விற்பனையே இல்லாத ஆண்டிலும் தணிக்கை கட்டாயம். கம்பெனிப் பதிவாளருக்கு ஆண்டுதோறும் அனுப்பவேண்டிய நிதிநிலை அறிக்கை, ஆண்டறிக்கை ஆகிய இரண்டுக்கும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் தலா 100 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு. ஆறு மாதம் மறந்தால் ஏறக்குறைய 36,000 ரூபாய் போய்விடும். வருமான வரியைப் பொறுத்தவரை, தொடக்க ஆண்டுகளின் சிறிய லாபத்துக்கு இரண்டிலும் பெரிய வேறுபாடு இராது என்பதால், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

செலவை எண்ணிக் கூட்டாண்மையையே தேர்ந்தெடுத்தால், அதைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத நிறுவனம் ஒப்பந்தப்படி வரவேண்டிய பாக்கிக்காகக் கடைக்காரர்மீது வழக்குத் தொடர முடியாது. கடனுக்கு விற்பவருக்கு இது பேரிழப்பு. இருவர் மட்டுமே உள்ள கூட்டாண்மை, ஒருவர் இறந்தால் கலைந்துவிடும் என்பதையும் இரு குடும்பத்தாரும் அறிந்திருக்கவேண்டும்.

கம்பெனி என்றால் பங்கைச் சரிபாதியாகப் பிரிப்பதில் ஒரு சிக்கல் உண்டு: இருவரும் முரண்பட்டால் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. ஒருவர் விலகினால் அவருடைய பங்கை மற்றவர் எந்தக் கணக்கில், எத்தனை மாதத்தில் வாங்கிக்கொள்வது என்பதைப் பங்குதாரர் ஒப்பந்தமாக எழுதி, கம்பெனியை நடத்தும் முறையைச் சொல்லும் சங்க விதிகளிலும் முதல் சரக்கு எடுப்பதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள்.