மின்தடை–தூண்டிச் சுற்றில் மின்னோட்டம் வளரும் விதம்: லாப்லாஸ் இல்லாத வழி

கேள்வி: கடலூர் சிப்காட்டில் பயிற்சி பெறும் டிப்ளமோ மாணவன் நான். 24 வோல்ட் டி.சி. சோலனாய்டு வால்வுச் சுருள் ஒன்றின் மின்தடை 120 ஓம், தூண்டல் எண் 0.6 ஹென்றி. 0.12 ஆம்பியர் வந்தால் வால்வு இழுக்கும். சுவிட்ச் போட்டபின் அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? லாப்லாஸ் இன்னும் படிக்கவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. இந்தச் சுற்றுக்கு முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றே போதும். சுவிட்ச் மூடியபின் மூலத்தின் மின்னழுத்தம் இரண்டாகப் பிரிகிறது: ஒரு பங்கு மின்தடையில் விழுகிறது, மீதி சுருளில் மின்னோட்டத்தை வளர்க்கிறது.

V = R·i + L·(di/dt)

இறுதியில் மின்னோட்டம் மாறாமல் நிலைக்கும்போது di/dt பூச்சியம்; ஆகவே இறுதி மின்னோட்டம் V/R, அதாவது 24/120 = 0.2 ஆம்பியர். இனி i-ஐ நேரடியாகத் தேடாமல், இறுதி மதிப்பை எட்ட இன்னும் எவ்வளவு குறைகிறது என்பதை y = V/R − i என்று வைத்துக்கொள்ளுங்கள். V/R மாறிலி என்பதால் dy/dt = −di/dt. இதை மேலே உள்ள சமன்பாட்டில் இட்டால் V மறைந்துவிடுகிறது:

dy/dt = −(R/L)·y

இரு பக்கமும் y-ஆல் வகுத்துத் தொகையிட்டால் ln y = −(R/L)·t + மாறிலி. அந்த மாறிலியைத் தொடக்க நிலை தருகிறது. சுருளில் மின்னோட்டம் ஒரு கணத்தில் தாவ முடியாது. தாவினால் di/dt முடிவிலியாகி, அதற்கு முடிவிலி மின்னழுத்தம் தேவைப்படும். எனவே t = 0 என்னும்போது i = 0, y = V/R. இதிலிருந்து கிடைப்பது:

i = (V/R)·(1 − e^(−t/τ)),  τ = L/R

உங்கள் சுருளுக்குக் காலமாறிலி τ = 0.6/120 விநாடி, அதாவது 5 மில்லி விநாடி. அந்த நேரத்தில் மின்னோட்டம் இறுதி மதிப்பில் 63.2 விழுக்காடாகிய 0.126 ஆம்பியரை எட்டும். உங்களுக்கு வேண்டியது 0.12, அது இறுதி மதிப்பில் 0.6 பங்கு. ஆகவே e^(−t/τ) = 0.4 என்று வைத்து, t = 5 × ln 2.5 = 4.6 மில்லி விநாடி என்று பெறலாம்.

காலமாறிலி சிறியதாக இருந்தால் வால்வு விரைவில் இழுக்கும் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது எப்போதும் சரியன்று. கடலூரின் வெயிலிலோ தொடர் ஓட்டத்திலோ சுருளின் வெப்பநிலை 21 டிகிரி செல்சியஸ் கூடினால், செம்பின் மின்தடை டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடுவதால், 120 ஓம் சுமார் 130 ஓம் ஆகிவிடும். அப்போது காலமாறிலி 4.6 மில்லி விநாடியாகக் குறையும். ஆனால் இறுதி மின்னோட்டமும் 0.185 ஆம்பியராக இறங்கிவிடுவதால், 0.12-ஐ எட்டுவதற்கு 4.85 மில்லி விநாடி ஆகும். காலமாறிலி குறைந்தும் வால்வு தாமதமாகிறது. தொடக்கச் சரிவு V/L மட்டுமே என்பதுதான் இதற்குக் காரணம்: இரு நிலையிலும் மின்னோட்டம் விநாடிக்கு 40 ஆம்பியர் என்ற வேகத்தில்தான் புறப்படுகிறது, சூடான சுருளின் வளைவு அதன்பின் விரைவாகவே தளர்ந்து, தாழ்ந்த மட்டத்தை நோக்கிச் செல்கிறது.

இதை அளந்து பார்க்க, சுருளுடன் தொடரில் 1 ஓம் மின்தடையைச் சேர்த்து, அதன் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தை ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். சூத்திரத்தில் R என்பது சுருளின் மின்தடையோடு அந்த 1 ஓமும் மூலத்தின் உள்தடையும் சேர்ந்த மொத்தம். திரையில் வளைவு முழுதும் தட்டையாகும் வரை, குறைந்தது 25 மில்லி விநாடி, பதிவு செய்வது அவசியம். 10 மில்லி விநாடியிலேயே நிறுத்தி, அங்கே தெரியும் 0.173 ஆம்பியரை இறுதி மதிப்பாக எடுத்துக்கொண்டால், அதன் 63.2 விழுக்காட்டைத் தேடும்போது காலமாறிலி 4 மில்லி விநாடி என்று பிழையாகக் கிடைக்கும்.

ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். மேற்கண்ட கணக்கு L மாறாத வரைக்கும்தான் செல்லும். பிளஞ்சர் நகரத் தொடங்கியதும் காற்றிடைவெளி குறைந்து L கூடுகிறது. சமன்பாட்டில் i·(dL/dt) என்ற புதிய உறுப்பு சேர்ந்து, மின்னோட்டத்தைச் சற்று நேரம் பின்னுக்கு இழுக்கிறது. ஏறிக்கொண்டிருந்த வளைவு நடுவில் ஒரு சிறு பள்ளமாக இறங்கி மீண்டும் ஏறுவது அதனால்தான். அந்தப் பள்ளம் தென்பட்டால் பிளஞ்சர் நகர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். நல்ல நிலையில் அதைக் காட்டிவந்த வால்வில் பள்ளமே இல்லாமல் வளைவு வழுவழுப்பாக ஏறினால், பிளஞ்சர் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆகவே 4.6 மில்லி விநாடி என்பது இழுக்கத் தொடங்கும் கணத்துக்கான கணக்கு. வால்வு முழுதும் திறக்க ஆகும் நேரத்தை இந்தச் சூத்திரத்திலிருந்து எடுக்க வேண்டாம், ஆசிலோஸ்கோப்பில் பள்ளத்தின் அடி எங்கே முடிகிறது என்று பார்த்து எடுங்கள்.