ஸ்டாப்பை என்ட்ரிக்கு நகர்த்தினால் என்ன ஆகும்?

"அண்ணே, பட்டர்வொர்த்திலிருந்து எழுதுறேன். செம்பனை எண்ணெய் ஃபியூச்சர்ஸ், ரெண்டு லாட். ஸ்டாப் 40 புள்ளி, டார்கெட் 80. விலை 40 புள்ளி சாதகமா போனதும் ஒரு லாட்டை வித்துட்டு, மீதிக்கு ஸ்டாப்பை என்ட்ரிக்கே கொண்டு வந்துடுறேன். ஜெயிக்கிறது கூடியிருக்கு, கணக்குல பணம் கூடல. ஏன்?"

தம்பி, கணக்குக்காக 100 டிரேடு என்று வைத்துக்கொள்வோம். எதையும் தொடாமல் விட்டால் 40 டார்கெட்டுக்குப் போகிறது, 60 ஸ்டாப்பில் அடிபடுகிறது. 3,200 புள்ளி வரவு, 2,400 செலவு, ஒரு லாட்டுக்கு மிச்சம் 800, அதாவது டிரேடுக்குச் சராசரி 8 புள்ளி. ஒரு புள்ளி 25 ரிங்கிட், இரண்டு லாட்டுக்கு 400 ரிங்கிட்.

இப்போது உங்கள் பழக்கத்தைச் சேர்ப்போம். அந்த 100-ல் 55 டிரேடு +40-ஐத் தொடுகிறது, அதில் 27 என்ட்ரிக்கே திரும்பி வந்து உங்களை வெளியேற்றிவிடுகிறது. அந்த 27-ல் 15 எப்படியும் ஸ்டாப்புக்குப் போயிருக்கும், அதனால் 600 புள்ளி மிச்சம். ஆனால் மற்ற 12 மறுபடி ஏறி டார்கெட்டைத் தொட்டிருக்கும், அங்கே போனது 960. தப்பித்த 15 உங்கள் கண்ணில் படுகிறது, கைவிட்டுப் போன 12 படுவதே இல்லை, ஏனென்றால் வெளியே வந்ததும் சார்ட்டை மூடிவிடுகிறீர்கள். ஆக, ஸ்டாப்பை நகர்த்திய லாட்டில் 800 புள்ளி 440 ஆகிறது, சராசரி 4.4 புள்ளி.

முன்கூட்டி விற்ற லாட் 55 முறை 40 புள்ளி எடுக்கிறது, 45 முறை 40 இழக்கிறது, சராசரி 4. இரண்டும் சேர்த்து 8.4 புள்ளி, 210 ரிங்கிட். ஜெயிப்பது 40-லிருந்து 55 ஆனது, வருமானம் கிட்டத்தட்ட பாதி ஆனது, கமிஷனை இன்னும் கழிக்கவே இல்லை! பதிலுக்குக் கிடைப்பது கணக்கின் இறக்கங்கள் சின்னதாவது மட்டும்தான். மனசுக்கு அது பெரிது என்றால் வைத்துக்கொள்ளுங்கள், விலை தெரிந்து வையுங்கள்.

இதெல்லாம் என் எண்கள், உங்களுடையது வேறாக இருக்கும். பார்க்க வேண்டியது ஒன்றே: என்ட்ரிக்குத் திரும்பியவற்றில் எத்தனை பிறகு டார்கெட்டுக்குப் போனது? டார்கெட் ஸ்டாப்பைப் போல இரண்டு மடங்கு என்பதால், மூன்றில் ஒன்றுக்கு மேல் போனால் ஸ்டாப்பை நகர்த்துவது நஷ்டம், குறைந்தால் லாபம். பிரேக்அவுட் முறையில் என்ட்ரிக்குத் திரும்புவதே அது தோற்றதற்கு அடையாளமாக இருக்கலாம், அங்கே நகர்த்துவது சரியாகவும் வரலாம். உங்கள் பழைய டிரேடுகளை ஒரு நிமிட சார்ட்டில் எடுத்து, வெளியே வந்த பிறகும் டார்கெட்டோ முதல் ஸ்டாப்போ தொடும்வரை தொடர்ந்து பார்த்து எழுதுங்கள், டெய்லி சார்ட்டில் எது முதலில் தொட்டது என்று தெரியாது. இப்படித் திரும்பியவை இருபது முப்பதுதான் இருந்தால் அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள், நாலைந்து டிரேடு மாறினாலே விடை தலைகீழாகிவிடும்.